நீலக் குறியின் தனிமை

கைப்பேசியைப் பற்றிய கவிதைகள் பெருகிவிட்டன. திரையில் வெளிச்சம், மனசில் இருட்டு. ஆயிரம் நண்பர்கள், பேச ஒருவருமில்லை. இப்படிப் போகும் அவற்றில் பெரும்பாலானவற்றில் கைப்பேசியை எடுத்துவிட்டுத் தொலைக்காட்சியை வைத்தாலும் கவிதை மாறாது. எந்தப் பொருளை வைத்தாலும் பொருந்துகிற படிமம் எந்தப் பொருளையும் உற்றுப் பார்க்காதது. தனிமைக்குக் கைப்பேசி புதிதாக எதைச் சேர்த்தது என்பதுதான் கவிதை சொல்ல வேண்டியது.

தூத்துக்குடியில் இருந்துகொண்டு இதை யோசிப்பது எனக்கு எளிது. இங்கிருந்து மரத்தோணிகள் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகின்றன. கரையை விட்டுச் சில மணி நேரத்தில் சிக்னல் போய்விடும். பிறகு மாலே நெருங்கும்வரை வீட்டுக்கும் தோணிக்கும் இடையே பேச்சில்லை. அந்த நாட்களை மனத்தில் வைத்து எழுதிப் பார்த்தது இது:

ஒற்றைக் குறி:
தோணி கரை தாண்டிவிட்டது.
இரட்டைக் குறி:
மாலே வந்துவிட்டது.
நீலக் குறி:
படித்துவிட்டாய்.
இனி
கடல்மேல் பழிபோட
வழியில்லை.

வாட்ஸ்அப்பில் ஒற்றைச் சாம்பல் குறி, செய்தி நம் கையை விட்டுப் போனதைக் காட்டும். இரண்டு சாம்பல் குறி, அவர் கைப்பேசியைச் சேர்ந்ததைக் காட்டும். இரண்டும் நீலமானால் அவர் பார்த்துவிட்டார். 2014 நவம்பரில் நீலக் குறி வருவதற்கு முன்பு, பதில் வராவிட்டால் 'இன்னும் பார்த்திருக்க மாட்டார்' என்று நினைத்துக்கொள்ள இடமிருந்தது. நீலம் அந்த இடத்தை அடைத்துவிட்டது. ஒற்றைக் குறியைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு இருப்பது கவலை. நீலக் குறியைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு இருப்பதுதான் தனிமை. தூரம் இரண்டிலும் ஒன்றுதான். இரண்டாவதில் தூரத்தைக் காரணம் காட்ட முடியாது.

பழைய நெய்தல் பாட்டுகளில் இந்த நிலை இல்லை. அகநானூற்றின் 170-ஆம் பாட்டில் தலைவி ஒரு நண்டிடம் பேசுகிறாள். கானல் பேசாது, கழி சொல்லாது, புன்னையும் வாய் திறக்காது. அதனால் நீதான் போய் அவனிடம் என் நிலையைச் சொல்ல வேண்டும் என்கிறாள். நண்டு பதில் சொல்லாது என்பது அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அந்த மௌனத்தில் யாருடைய விருப்பமும் இல்லை. அதனால் அவள் துயரம் பெரிதாக இருந்தாலும் அவளுடைய நம்பிக்கை கலையவில்லை. தூது போய்ச் சேரவில்லை என்பதே அவளுக்கு ஓர் ஆறுதல்.

இதே கடற்கரையில் இன்னொரு தூதும் இருந்தது. முத்துக்குளிப்பவர் கல்லைப் பிடித்துக்கொண்டு கடலடிக்கு இறங்குவார். மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்பார். மூச்சு முட்டும் நேரத்தில் கீழே இருப்பவர் கயிற்றை இழுப்பார். மேலே இருப்பவர் உடனே தூக்குவார். முத்துக்குளிப்பு இங்கே 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. அந்தக் கயிற்றில் ஒரு சொல்கூடப் போனதில்லை. இருந்தும் கீழே இருந்தவர் தனியாக இல்லை. அவர் இழுத்தால் எதிர்முனை அசையும் என்பது உறுதி. மேலே இருப்பவர் ஒரு கணம் கவனம் தவறினால் கீழே இருப்பவர் உயிர் போகும். கவனத்துக்கு அங்கே ஒரு விலை இருந்தது.

கைப்பேசியில் இந்த விலை இல்லை. படித்துவிட்டு விட்டுவிடலாம், யாரும் மூழ்கப் போவதில்லை. ஒரு பக்கம் மட்டும் பேசும் கருவியும் உண்டு. ஆழ்கடல் மீனவர்களுக்குப் புயல் எச்சரிக்கை சொல்ல 2019-இல் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை அது கைப்பேசித் திரையில் காட்டும். ஆனால் கடலிலிருந்து ஒரு வார்த்தை திருப்பி அனுப்ப அதில் வழியில்லை. கருவியால் அவ்வளவுதான் முடியும் என்று தெரிவதால் மீனவர் அதன்மேல் மனத்தாங்கல் கொள்வதில்லை. நம் கையில் இருப்பதோ இரண்டு பக்கமும் பேசக்கூடிய கருவி. அதை ஒரு பக்கம் மட்டும் பேசுவதாக ஆக்குவது நாம்தான்.

ஆகவே கைப்பேசி மனிதர்களைப் பிரித்துவிட்டது என்று எழுதும் கவிதை பாதி உண்மையைத்தான் சொல்கிறது. தோணிக்காரர் வீட்டில் கேட்டுப் பாருங்கள், அது சேர்த்து வைத்த நாட்கள் எத்தனை என்று சொல்வார்கள். அது பிரிக்கவில்லை. அலட்சியம் முன்பு தூரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது. அதை இது வெளியே இழுத்துப் போட்டது. இந்த ஊர்க் கவிஞர் எழுத வேண்டியது திரையின் வெளிச்சத்தை அல்ல, அந்த அலட்சியத்தை.

கவிதை எழுதாதவர்களுக்கும் இதில் வேலை உண்டு. நீங்கள் ஒரு செய்தியைத் திறந்து படித்தால் அனுப்பியவர் திரையில் குறி நீலமாகும், அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். நேரமில்லையென்றால் 'பார்த்தேன், ராத்திரி பேசுகிறேன்' என்று மூன்று வார்த்தை போடுங்கள். ராத்திரி மறக்காமல் பேசுங்கள்.