நான்காவது ஆள்

மெத்தா தியானத்தின் முதல் வாக்கியத்தை என்னால் வெகுநாள் முழுதாகச் சொல்ல முடியவில்லை. "நான் சுகமாக இருக்க வேண்டும்." அவ்வளவுதான் வாக்கியம். கண்ணை மூடி உட்கார்ந்து மனதுக்குள் சொன்னதும், செய்யக்கூடாத ஒன்றைச் செய்யும்போது யாரோ பார்த்துவிட்டதைப் போலக் கூச்சம் வந்தது. உடனே அந்த வாக்கியம் தானாகவே நீண்டுகொண்டது: "நான் சுகமாக இருக்க வேண்டும், அப்போதுதான் வீட்டில் எல்லோரையும் பார்த்துக்கொள்ள முடியும்."

அந்தப் பின்பாதியை நான் யோசித்துச் சேர்க்கவில்லை. காரணம் சொல்லாமல் எனக்காக எதையும் கேட்டுப் பழகாததால் அது தானாக வந்து ஒட்டிக்கொண்டது. மற்றவர்களை நினைத்து வாழ்த்தும்போது அப்படி எதுவும் ஒட்டவில்லை. என் தோழி சுகமாக இருக்க எந்தக் காரணமும் தேவைப்படவில்லை. எனக்கு மட்டும் தேவைப்பட்டது.

மெத்தா என்பது பாலிச் சொல், வடமொழியில் மைத்ரி. இரண்டும் நண்பர் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்தவை. ஆக இது பக்தியோ இரக்கமோ அல்ல, நட்புள்ளம். இதைப் படிப்படியாக வளர்க்கும் முறையை மிக விரிவாகச் சொல்லும் பழைய நூல் விசுத்திமக்கம். 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தின் மகாவிகாரையில் புத்தகோசர் எழுதியது. அவர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தவர் என்பதை அவருடைய உரைநூல் ஒன்றின் முடிவுரையே சொல்கிறது. விசுத்திமக்கத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் மெத்தா வருகிறது. என் சங்கடத்துக்கு அங்கே ஒரு பதில் கிடைத்தது. ஆனால் அது நான் எதிர்பார்த்த பதில் இல்லை.

முதலில் ஆயத்தம். உணவை முடித்து, உண்ட மயக்கம் தெளிந்த பிறகு, தனிமையான இடத்தில் வசதியாக உட்கார வேண்டும் என்கிறது நூல். இதைப் படித்தபோது சிரித்தேன். சமைத்துப் போட்டவர்கள் யார், பாத்திரம் யார் கழுவினார்கள் என்ற கேள்வி துறவிக்கு எழாது. எனக்குத் தனிமையான இடம் காலை ஐந்து மணிக்கு மொட்டை மாடிப் படிக்கட்டு. அதற்கடுத்து, வெறுப்பினால் வரும் கேட்டையும் பொறுமையால் வரும் நன்மையையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். பிறகு ஆட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

யாரிடம் தொடங்கக் கூடாது என்பதில் புத்தகோசர் கண்டிப்பானவர். பிடிக்காதவரிடமோ பகைவரிடமோ தொடங்கினால் கோபம் கிளம்பும். மிக நெருங்கியவரிடம் தொடங்கினால், அவருக்கு ஒரு சின்னத் துன்பம் என்ற நினைப்பே அழுகையைக் கொண்டுவரும். நமக்கு எதுவும் இல்லாத ஒருவரிடம் தொடங்கினால் மனம் சோர்ந்துவிடும். எதிர்ப்பாலினத்தைச் சேர்ந்த தனி ஒருவரை எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆசை நட்பின் வேடம் போட்டு வந்துவிடும். அவர் ஆண் துறவிகளை மனதில் வைத்து எழுதினார். நாம் திருப்பிப் போட்டுப் படித்துக்கொள்ளலாம். கடைசியாக, இறந்துபோனவரிடம் இந்தத் தியானம் கூடாது. அது கைகூடாது என்கிறார்.

இந்தக் கடைசி விதி என்னைத் தடுத்தது. நான் அம்மாவிடமிருந்து தொடங்க நினைத்திருந்தேன். அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது.

ஆகவே முதல் படிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. முதல் படி, நான். எனக்குப் பகை இல்லாமல் இருக்கட்டும், மன வருத்தம் இல்லாமல் இருக்கட்டும், உடல் வேதனை இல்லாமல் இருக்கட்டும், என்னை நான் சுகமாகப் பேணிக்கொள்ள முடியட்டும். சொல் முக்கியமில்லை, இந்தப் பொருள்தான் முக்கியம். மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு இடைவெளி விட்டுச் சொல்லலாம்.

இங்கே ஒரு சிக்கலை நூலே எழுப்புகிறது. புத்தரின் பழைய சூத்திரங்களில் மெத்தா எல்லா உயிர்கள்மீதும் பரப்பப்படுகிறது. தன்னிடம் தொடங்கு என்று அங்கே இல்லை. அப்படியிருக்க இது எப்படி முதல் படியானது? புத்தகோசர் சொல்லும் விடை இது: நூறு ஆண்டுகள் தன்னை மட்டுமே வாழ்த்திக்கொண்டு உட்கார்ந்தாலும் ஆழ்ந்த தியான நிலை வாய்க்காது. தான் என்பது சேருமிடம் அல்ல. தான் ஒரு சாட்சி. நான் இன்பத்தை விரும்புகிறேன், துன்பத்துக்கு அஞ்சுகிறேன், சாக விரும்பவில்லை; மற்ற உயிர்களும் அப்படித்தான். பிறருடைய விருப்பத்தை நான் ஊகிக்கத்தான் முடியும். ஊகிக்காமல் எனக்கு நேரடியாகத் தெரிந்த விருப்பம் என்னுடையது ஒன்றுதான். அதை வைத்துத்தான் மற்றவற்றை அளக்க வேண்டும்.

இதற்கு அவர் காட்டும் ஆதாரம் பழைய கதை ஒன்றில் வருகிறது. அதை எல்லாப் பெண்களும் தெரிந்துகொள்ள வேண்டும். கோசல நாட்டு அரசன் பசேனதி, அரண்மனை மேல்மாடத்தில் அரசி மல்லிகாவிடம் கேட்கிறான்: உன்னைவிட உனக்குப் பிரியமானவர் யாராவது உண்டா? மல்லிகா பூக்கட்டுகிறவரின் மகள், அரசனால் அரசியானவள் என்று உரைகள் சொல்கின்றன. அவன் எந்தப் பதிலுக்குக் காத்திருந்தான் என்று ஊகிப்பது கடினமல்ல. அவள் சொன்னாள்: இல்லை, என்னைவிட எனக்குப் பிரியமானவர் யாருமில்லை. பிறகு அதே கேள்வியை அவனிடம் திருப்பிக் கேட்டாள். அவனும் யோசித்து அதையே சொல்ல வேண்டியிருந்தது. விஷயம் புத்தரிடம் போனபோது அவர் மல்லிகாவைக் கண்டிக்கவில்லை. எந்தத் திசையில் தேடினாலும் தன்னைவிடப் பிரியமானவர் யாருக்கும் கிடைக்கமாட்டார், பிறருக்கும் அவரவர் அப்படித்தான், ஆகையால் தன்னை நேசிப்பவர் பிறரைத் துன்புறுத்தக் கூடாது என்ற கருத்தில் பதில் சொன்னார்.

மல்லிகாவின் பதில் சுயநலம் அல்ல, அது அறத்தின் தொடக்கம் என்பது எனக்குப் புரிந்தது. ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. எல்லோருக்கும் தன்மேல் பிரியம் இருக்கும் என்று இந்த முறை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பிரியத்தை வெளியில் சொல்வதே வெட்கம் என்று வளர்க்கப்பட்டவளிடம் சாட்சி என்ன சொல்லும்? சாட்சிக் கூண்டில் ஏறி, எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றல்லவா சொல்வாள்?

இதற்காகத்தான் இன்று சில ஆசிரியர்கள் வரிசையை மாற்றி, நமக்கு நன்மை செய்த ஒருவரிடம் தொடங்கி, மனம் இளகிய பிறகு தன்னிடம் வரச் சொல்கிறார்கள். நானும் அப்படிச் செய்தேன். எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த ஆசிரியை இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டிவிட்டார். அவரை நினைத்து நான்கு வாக்கியங்களையும் சொல்லிவிட்டு, அந்த ஈரம் காய்வதற்குள் என்னிடம் வருவேன். சரியாகப் போகிறதா என்று அறிய எனக்கு ஓர் அடையாளம் இருந்தது: வாக்கியம் "சுகமாக இருக்கட்டும்" என்ற இடத்தில் நிற்கிறதா, "அப்போதுதான்" என்று நீள்கிறதா? நீண்டால் மறுபடி ஆசிரியையிடம் போவேன். மூன்று வாரம் கழித்து ஒருநாள் வாக்கியம் நின்றது. அன்று பெரிய ஆனந்தம் ஒன்றும் இல்லை. கால் வலிக்கிறது என்பது மட்டும் தெரிந்தது, இறக்கி நீட்டிக்கொண்டேன்.

நூலின் வரிசையில் தனக்கு அடுத்து, மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய ஒருவர். பிறகு மிக நெருங்கியவர். பிறகு நமக்கு எதுவும் இல்லாத ஒருவர். எனக்கு அது ரேஷன் கடையில் எடை போடுகிறவர். ஒருவரிடம் மனம் இளகிய பிறகுதான் அடுத்தவரிடம் போக வேண்டும். கடைசியாகப் பகைவர். இங்கே நூலின் நிதானத்தைக் கவனிக்க வேண்டும். பகைவர் இல்லாதவருக்கு இந்தப் படியே தேவையில்லை. இருந்து, அவரை நினைத்ததும் கோபம் எழுந்தால், முந்தைய ஆட்களிடம் திரும்பிப் போய் மறுபடி வர வேண்டும். அடித்தவனைச் சகித்துக்கொண்டு வாழ் என்று இந்தத் தியானத்தின் பெயரால் ஒரு பெண்ணிடம் யாராவது சொன்னால், அவர்கள் முதல் படியைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள் என்று பொருள். அவன்மேல் வெறுப்பு தீர்வது மனதுக்குள் நடக்கும் காரியம். அவன் வீட்டுக்குத் திரும்புவது வேறு காரியம். "எனக்கு உடல் வேதனை இல்லாமல் இருக்கட்டும்" என்று தொடங்கிய ஒருத்தி, அந்த வேதனைக்குள் போய் உட்கார்ந்து தியானத்தை முடிக்க முடியாது.

படிகளெல்லாம் முடிந்தபின் ஒரு சோதனை வருகிறது. ஒருவர் தனக்குப் பிரியமானவர், நடுநிலையானவர், பகைவர் ஆகிய மூவரோடு உட்கார்ந்திருக்கிறார், தன்னோடு நால்வர். கொள்ளையர்கள் வந்து, கொல்வதற்கு ஒருவரைக் கொடு என்கிறார்கள். அவர் பகைவரைக் காட்டினால் மெத்தா நிறைவேறவில்லை. இது எதிர்பார்த்ததுதான். "என்னைக் கொண்டுபோங்கள், இவர்களை விட்டுவிடுங்கள்" என்றால்? அப்போதும் நிறைவேறவில்லை என்கிறார் புத்தகோசர். நால்வரில் கொடுக்கத்தக்கவர் என்று ஒருவரும் கண்ணில் படாதபோதுதான் எல்லைகள் உடைகின்றன.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் தோசைக்கல்லில் ஒட்டிப் பிய்ந்த முதல் தோசை, கரிந்துபோன தோசை, மாவு வழித்த கடைசிக் குட்டித் தோசை எல்லாம் அம்மாவுக்கு. சட்டினி தீர்ந்திருக்கும். கேட்டால், "எனக்கென்ன, நான் எதையாவது தின்னுக்குவேன்" என்பாள். ஒவ்வொரு இரவும் யாரும் கேட்காமலே அம்மா நான்காவது ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டாள். அதை நாங்கள் அன்பு என்று சொன்னோம். அது அன்புதான், அவள் அன்பில்லாதவள் என்று எந்தப் புத்தகம் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த அன்பில் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருந்தது, கோட்டுக்கு வெளியே ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தாள். கோட்டைப் பார்க்க எங்களில் யாருக்கும் தேவை இருக்கவில்லை. எங்கள் தட்டில் முழுத் தோசை இருந்தது.

தன்னிடம் தொடங்கச் சொல்வதன் காரணத்தை நான் இந்தக் கடைசிச் சோதனையிலிருந்துதான் புரிந்துகொள்கிறேன். தொடக்கத்தில் வட்டத்துக்கு வெளியே விடப்பட்ட ஆள் முடிவிலும் வெளியேதான் நிற்பாள். கொள்ளையர் வரும்போது கை தானாக அவளைக் காட்டும்.

என் மகள் பதினாறு வயதுக்காரி. போன வாரம் தோசை சுடும்போது முதலாவது பிய்ந்தது. பழக்கத்தில் என் தட்டில் போட்டுக்கொண்டேன். அவள் வந்து அதைப் பாதியாகப் பிட்டு, ஒரு பாதியைத் தன் தட்டில் வைத்துக்கொண்டு, "அடுத்ததையும் பாதி பண்ணு" என்றாள். பண்ணினேன். அம்மா இருந்திருந்தால் மூன்றாகப் பிட்டிருக்கலாம்.