கையால் ஊட்டுவதும் ஒரு வழி என்று எழுதுங்கள்

மறதிநோய் முற்றிய முதியவர் சாப்பாட்டை விழுங்க முடியாமல் தவிக்கும்போது, பல மருத்துவமனைகளில் குடும்பத்தாரிடம் சொல்லப்படுவது இவ்வளவுதான்: "வாய் வழியா கொடுத்தா புரையேறிடும். ட்யூப் போட்டுடலாம், இதுல கையெழுத்துப் போடுங்க." நீட்டப்படும் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. மகனோ மகளோ பதற்றத்தில் கையெழுத்திடுகிறார்கள். சட்டத்துக்கு அது ஒப்புதல். அறத்துக்கும் அது ஒப்புதலாக வேண்டுமானால், அந்தத் தாளில் என்ன எழுதியிருக்க வேண்டும்? பயந்து நிற்கும் குடும்பத்திடம் உண்மை முழுவதையும் சொல்வது சரியா?

ஒரு சூழலை வைத்துப் பார்ப்போம். 82 வயது அம்மா. மறதிநோய் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பெற்ற மகளை அடையாளம் தெரியவில்லை, நடக்க முடியவில்லை, நான்கைந்து சொற்களுக்கு மேல் பேச்சு இல்லை. நிமோனியா வந்து மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். வாயில் வைத்த சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அப்படியே இருக்கிறார். தண்ணீர் கொடுத்தால் இருமுகிறார். மூக்கு வழியாக ரைல்ஸ் ட்யூப் போட்டார்கள், இருமுறை பிடுங்கிவிட்டார். அதனால் இரு கைகளையும் துணியால் கட்டிலின் கம்பியோடு கட்டியிருக்கிறார்கள். மூன்று வாரம் கழிந்தது. இப்போது வயிற்றில் நிரந்தரமாக ஒரு குழாய் வைக்கலாம் என்கிறார் மருத்துவர். மகன் சரி என்கிறார், மகள் தயங்குகிறார்.

அந்தத் தாள் முதலில் குழாய் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். தமிழில் இப்படி எழுதலாம்: "வாய் வழியாக எண்டோஸ்கோப் கருவியை வயிற்றுக்குள் செலுத்துவோம். மேல் வயிற்றின் தோலில் சிறு துளையிட்டு, விரல் அளவு தடிமன்கூட இல்லாத ஒரு குழாயை இரைப்பைக்குள் வைப்போம். இது சுமார் அரை மணி நேர வேலை. மயக்க மருந்து கொஞ்சம் கொடுப்போம். அதன் பிறகு திரவ உணவை சிரிஞ்ச் மூலம் குழாயில் செலுத்தலாம்." இவ்வளவு போதும். ஆங்கிலப் பெயர் கடைசியில் வந்தால் தவறில்லை, தொடக்கத்தில் வந்தால் படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார்.

இந்த முறையை 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் காடரர், போன்ஸ்கி என்ற இரு மருத்துவர்கள் செய்துகாட்டினார்கள். விழுங்க முடியாத குழந்தைகளைப் பெரிய அறுவை சிகிச்சையிலிருந்து காப்பதற்காகப் பிறந்தது அது. தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுப்பவர்களுக்கும், பக்கவாதத்தால் விழுங்கும் திறனைச் சில வாரம் இழந்தவர்களுக்கும் இன்றும் அது உயிர் காக்கும் பாலம். பாலத்தின் மறுகரையில் உடம்பு தேறும் வாய்ப்பு இருக்கிறது. முற்றிய மறதிநோயில் அந்த மறுகரை இல்லை. ஆகவே பக்கவாத நோயாளிக்கும் மறதிநோயாளிக்கும் ஒரே அச்சடித்த தாளைக் கொடுப்பதுதான் முதல் தவறு. ஒருவருக்கு உண்மையான நன்மை, மற்றவருக்கு வெறும் வாக்குறுதியாகிவிடுகிறது.

அடுத்தது அபாயம். குழாய் வைத்த இடத்தில் சீழ் பிடிக்கலாம், தோல் சிவந்து புண்ணாகலாம், உணவு கசியலாம். இவை அடிக்கடி நேர்பவை, பெரும்பாலும் மருந்தில் அடங்குபவை. இரத்தக்கசிவு, குடலில் துளை, வயிற்றறை முழுவதும் அழற்சி போன்ற பெரிய சிக்கல்கள் 100 பேரில் ஓரிருவர் முதல் நான்கு பேர் வரையிலானவர்களுக்கு வரக்கூடும். குழாய் வைத்த முதல் சில வாரங்களில் நோயாளி அதைப் பிடுங்கினால் ஆபத்து அதிகம், ஏனென்றால் துளையின் பாதை இன்னும் உறுதிப்படவில்லை. பாதை உறுதிப்பட்ட துளையில் குழாய் கழன்றால், சில மணி நேரத்திலேயே துளை மூடத் தொடங்கும். எனவே வீட்டில் யாரைக் கூப்பிடுவது என்ற தொலைபேசி எண்ணும் தாளில் இருக்க வேண்டும். கையைக் கட்டும் நிலை தொடரலாம் என்பதையும் மறைக்கக் கூடாது. மூக்குக் குழாயைப் பிடுங்கியவர் வயிற்றுக் குழாயையும் பிடுங்கலாம். தான் ஏன் கட்டப்பட்டிருக்கிறோம் என்று புரியாத ஒருவரை நாள்முழுதும் கட்டிவைப்பது, அபாயப் பட்டியலில் முதல் வரிசையில் வர வேண்டிய துன்பம்.

இதற்கும் மேலான ஒன்று இருக்கிறது. பெரும்பாலான படிவங்களில் அது வருவதே இல்லை. முற்றிய மறதிநோயில் வயிற்றுக் குழாய் ஆயுளை நீட்டுவதாகவோ, நிமோனியாவைத் தடுப்பதாகவோ, படுக்கைப்புண்ணைக் குறைப்பதாகவோ ஆய்வுகள் காட்டவில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவ சங்கம் இத்தகைய நோயாளிகளுக்குக் குழாய் வேண்டாம், கவனமாகக் கையால் ஊட்டுங்கள் என்றே பரிந்துரைக்கிறது. புரையேறாமல் இருக்கத்தானே குழாய் என்று குடும்பம் கேட்கும். ஆனால் நுரையீரலுக்குள் போவது சோறு மட்டும் அல்ல. வாயில் ஊறும் எச்சிலும், இரைப்பையிலிருந்து மேலேறி வரும் திரவமும் போகின்றன. குழாய் அவை இரண்டையும் நிறுத்துவதில்லை.

அமெரிக்க முதியோர் இல்லங்களில் முற்றிய மறதிநோயுள்ள 323 பேரை 18 மாதம் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வில், 100க்கு 86 பேருக்கு உண்பதில் சிக்கல் வந்தது. அந்தச் சிக்கல் வந்தவர்களில் 100க்கு 39 பேர் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். விழுங்க முடியாமை நோயின் கடைசிக் கட்டத்துக்குள் நுழைந்த அடையாளம் என்பதை இது காட்டுகிறது. இதைத் தாளில் எழுதுவது கொடுமையா? எழுதாமல் விடுவதே கொடுமை. நோய் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் எடுக்கும் எந்த முடிவும் இருட்டில் எடுத்த முடிவு.

எனவே மாற்று வழிக்கு, குழாய்க்குக் கொடுத்த இடத்தைவிடக் குறைவான இடம் கொடுக்கக் கூடாது. "குழாய் வேண்டாம் என்றால் சிகிச்சை மறுப்பு" என்று ஒரு வரியில் முடித்துவிடும் படிவம், குடும்பத்தைக் கொலைக்குற்றவாளியாக நிறுத்துகிறது. அங்கே எழுத வேண்டியது இது: நிமிர்ந்து உட்காரவைத்து, முகத்துக்கு எதிரே உட்கார்ந்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, அரை ஸ்பூன் குழைந்த கஞ்சியோ மசித்த வாழைப்பழமோ வாயில் வையுங்கள். தொண்டை மேலெழுந்து இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த ஸ்பூன். குரல் தண்ணீர் கலந்ததுபோல் கரகரத்தால், இருமினால், நிறுத்துங்கள். தூக்கக் கலக்கத்தில் ஊட்ட வேண்டாம். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் படுக்கவிடாதீர்கள். வேண்டாம் என்று உதட்டை மூடினால் விட்டுவிடுங்கள், சிறிது நேரம் கழித்து மறுபடி முயலுங்கள். எத்தனை ஸ்பூன் என்பது இங்கே கணக்கல்ல, அவருக்கு அது பிடித்திருக்கிறதா என்பதே அளவு. உடல் எடை குறையும், புரையும் சில நேரம் ஏறும். அதையும் தாள் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இதற்கு இரு வலுவான மறுப்புகள் உண்டு. "பெற்றவளைப் பட்டினி போட்டுச் சாகடிப்பதா?" என்பது முதல் மறுப்பு. நம் வீடுகளில் உணவு என்பது அன்பின் மொழி. உயிர் பிரியும் நேரத்திலும் வாயில் பால் விடும் வழக்கமுள்ள குடும்பங்கள் நம்முடையவை. ஆனால் அந்தப் பாலில் கலோரி கணக்கு யாரும் பார்ப்பதில்லை. உடம்பு அணையும் நிலையில் பசியும் தாகமும் குறைந்துவிடுகின்றன என்பதே நோயாளிகளைக் கடைசிவரை கவனிப்பவர்களின் அனுபவம். வாய் உலர்ந்துவிடாமல் நனைத்த பஞ்சால் துடைப்பதும், ஒரு துளி ரசத்தை உதட்டில் தடவுவதும் ஊட்டலின் பகுதிகளே. குழாய் வழியாக இறங்கும் உணவுக்கு ருசி கிடையாது, எதிரே உட்கார்ந்து பேசும் முகமும் கிடையாது. தாயை அன்போடு கவனிக்க நினைப்பவர்களுக்கு இதைச் சொல்வது ஆறுதலே தவிர அடி அல்ல.

இரண்டாவது மறுப்பு கடினமானது. கையால் ஊட்ட ஒரு வேளைக்கு முக்கால் மணி, சில நேரம் ஒரு மணி நேரம் ஆகும். நாளுக்கு மூன்று நான்கு வேளை. அதைச் செய்வது யார்? பெரும்பாலும் மகள் அல்லது மருமகள், அவர் வேலைக்குப் போகிறவராகவும் இருக்கலாம். "கையால் ஊட்டுங்கள்" என்று எழுதும் தாள் இந்த உழைப்பைக் கண்டும் காணாமல் போனால், அது ஒருவர் தோளில் பாரத்தை ஏற்றிவிட்டு நகரும் அறமாகிவிடும். கவனிப்பவரின் நேரமும் உடலும் முடிவில் கணக்கில் வரத்தான் வேண்டும். ஆள் வைக்கவும் முடியாத வீட்டில் குழாயைத் தேர்ந்தெடுப்பது குற்றமல்ல. ஆனால் அந்தக் குடும்பம் "வீட்டில் முடியவில்லை, அதனால் குழாய்" என்று தனக்குத் தானே உண்மையாகச் சொல்லிக்கொள்ள இடம் வேண்டும். "இது அம்மாவின் ஆயுளை நீட்டும்" என்று பொய் நம்பிக்கை கொடுத்து அந்த இடத்தைப் பறிப்பது மருத்துவர் செய்யும் அநீதி.

முடிவு யாருடையது என்பதும் தாளில் தெளிவாக வேண்டும். சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், நோயாளிக்குச் சிகிச்சையின் தன்மை, நோக்கம், நன்மை, முக்கிய அபாயம், மாற்று வழி, மறுத்தால் நேர்வது ஆகியவற்றைச் சொன்ன பிறகு பெறுவதே செல்லத்தக்க ஒப்புதல் என்றது. பரிசோதனைக்கு மட்டும் ஒப்புதல் தந்த பெண் மயக்கத்தில் இருந்தபோது, தாயின் ஒப்புதலோடு கருப்பையை அகற்றியது பற்றியது அந்த வழக்கு. உறவினர் கையெழுத்து எல்லாவற்றையும் ஈடுசெய்துவிடாது என்பது அதன் பாடம். மறதிநோயாளியால் பேச முடியாது, அதனால் குடும்பம் பேசுகிறது. அப்போதும் கேள்வி "உங்களுக்கு என்ன வேண்டும்" என்றிருக்கக் கூடாது. "அவர் தெளிவாக இருந்த காலத்தில் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?" என்று தாள் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தாத்தாவைக் குழாயோடு பார்த்துவிட்டு, "எனக்கு இந்த கதி வேண்டாம்பா" என்று எப்போதோ சொன்ன ஒரு வரி அந்தக் கேள்வியால் நினைவுக்கு வரும்.

கடைசியாக, குழாய் போடும் முன்பே குழாய் எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டும். எதை எதிர்பார்த்துப் போடுகிறோம், எத்தனை வாரம் பார்ப்போம், எது நடக்காவிட்டால் மறுபடி உட்கார்ந்து பேசுவோம் என்று தேதியோடு எழுத வேண்டும். போட்ட பிறகு எடுப்பது குடும்பத்துக்குப் போடாமல் விடுவதைவிடப் பலமடங்கு கனமாகத் தெரியும். வயிற்றுக் குழாய் அவசர சிகிச்சையும் அல்ல. தாளை ஒரு இரவாவது வீட்டுக்கு எடுத்துப்போக விடலாம். மறுநாள் குடும்பத்தாரிடம், "நீங்க புரிஞ்சுக்கிட்டதை உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டு, சொன்னது சரியாக இருந்தால் மட்டும் கையெழுத்து வாங்கலாம். தவறாகச் சொன்னால் அது சொன்னவரின் தோல்வி அல்ல, எழுதியவரின் தோல்வி.

அந்த 82 வயது அம்மாவுக்கு குழாய் போட வேண்டுமா, வேண்டாமா என்பதை அவரை அறிந்தவர்கள்தான் முடிவெடுக்க முடியும். அவர்கள் கையில் கொடுக்கும் தாளில் குழாயும் ஸ்பூனும் சம அளவு எழுத்தில், சம அளவு நேர்மையோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். இப்போதே உங்கள் மருத்துவமனைப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். "மாற்று வழிகள்" என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி மட்டுமே இருந்தால், அந்தப் படிவத்தில் வாங்கும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது.