சகோதரர்களுக்கு இயேசு சொன்ன பதில்



யோவான் நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் கூடாரத் திருவிழா நெருங்குகிறது. இயேசுவின் சகோதரர்கள் அவர் கேட்காமலே யோசனை சொல்ல வருகிறார்கள். கலிலேயாவில் இருந்தால் யாருக்குத் தெரியும், யூதேயாவுக்குப் போய் உலகத்தின் கண்ணில் படு என்கிறார்கள். அப்போது அவர்கள் அவரை நம்பவும் இல்லை.

இயேசு அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. தம் நேரம் இன்னும் வரவில்லை என்றார். நீங்கள் திருவிழாவுக்குப் போங்கள் என்று வழிவிட்டார். தாம் கலிலேயாவிலேயே தங்கினார். பிறகு விளம்பரமில்லாமல் அவரும் போனார்; திருவிழாவின் நடுவில் கோவிலில் கற்பித்தார். ஆக, எருசலேமுக்குப் போகவே கூடாது என்பதல்ல அவர் எண்ணம். எப்போது, எப்படிப் போவது என்ற முடிவை மட்டும் அவர் உறவினர் கையில் கொடுக்கவில்லை.

நமக்கும் இப்படி யோசனை சொல்ல உறவினர் வருவதுண்டு. குர்லாவில் நம் வீடுகள் பலவும் ஒரே அறைதான். ஊரிலிருந்து டெர்மினஸில் வந்து இறங்கும் சித்தப்பா அதே அறையில் பத்து நாள் தங்குவார். கோபம் வந்தால் எழுந்து போக வேறு இடமில்லை. வேலைக்குப் போகும் மகளிடம் அவர் கேட்கிறார்: "இருபத்தேழு ஆச்சே, இன்னும் என்ன யோசனை? சீட்டுல போடுற பணத்த ஊர்ல நிலத்துல போடலாம்லா?"

அவள் சொல்லக்கூடியது இது: "சித்தப்பா, உங்க அக்கறை புரியுது. இத நானும் அப்பா அம்மாவும் பேசிக்கிட்டு இருக்கோம். முடிவானா சொல்றோம். சாப்பிட வாங்க." சம்பளம் இவ்வளவு, கடன் இவ்வளவு என்று காரணம் அடுக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு மறுப்பு இருக்கும். அவர் மறுபடி கேட்டால் அதே வாக்கியம், அதே குரலில். குரல் உயர்ந்தாலோ, "உங்க மக மட்டும்..." என்று பேச்சு திரும்பினாலோ, அது பதிலாக இல்லாமல் சண்டையாகிவிட்டது, அங்கேயே நிறுத்துங்கள். பெற்றோரே, அந்த நேரத்தில் நீங்கள் சித்தப்பாவோடு சேர்ந்து தலையாட்டினால் பிள்ளையின் வார்த்தைக்கு மதிப்பில்லாமல் போகும்.

படிக்க ஃபீஸ் கட்டியவர், கஷ்டத்தில் பணம் தந்தவர் பேசினால் உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள். அந்த நன்றி நாம் பட்ட கடன். ஆனால் திருமணச் சம்மதத்தை அந்தக் கடனுக்கு ஈடாகக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. மணமக்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது, அதை வேறு எந்த மனித அதிகாரமும் தர முடியாது என்கிறது திருச்சபைச் சட்டம் 1057. வற்புறுத்தலாலோ பெரும் அச்சத்தாலோ சொன்ன சம்மதம் செல்லாது என்கிறது 1103.

இயேசு அந்தச் சகோதரர்களோடு உறவை முறிக்கவில்லை. அவர் விண்ணேற்றத்துக்குப் பின் மரியாவோடு அவர்களும் மாடி அறையில் செபித்ததைத் திருத்தூதர் பணிகள் நூலின் முதல் அதிகாரம் சொல்கிறது.

ஆனால் உங்கள் வீட்டில் யோசனை மிரட்டலாக மாறியிருந்தால், அமைதியான வாக்கியம் போதாது. கல்யாண ஓலை வாசிப்பதற்கு முன்பே பங்குத்தந்தையிடம் தனியாக வந்து சொல்லுங்கள். திருமணத்துக்கு முன் மணமகனையும் மணமகளையும் தனித்தனியே அழைத்துக் கேட்பது இதற்காகத்தான்.