முயற்சிக்கும் ஒரு கோப்பை

விளையாட்டு விழாவில் “வெற்றி முக்கியமில்லை, முயற்சிதான் முக்கியம்” என்று பேசாத தலைமையாசிரியர் அபூர்வம். பேச்சு முடிந்ததும் மேடை ஏறுவது முதல் மூன்று பேர்தான். நாலாவதாக வந்த பிள்ளையின் பெயரை யாரும் எழுதிக்கூட வைப்பதில்லை. பிள்ளைகளின் கண்ணெல்லாம் புள்ளிப் பலகையில்தான் இருக்கும்.

என் மகள் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியை இந்த ஆண்டு பேசியது வேறு மாதிரி. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கின் 10,000 மீட்டர் ஓட்டத்தில் மற்றவர்களெல்லாம் முடித்த பிறகும், இலங்கையின் ரணதுங்க கருணானந்த மிச்சச் சுற்றுகளைத் தன்னந்தனியாக ஓடி முடித்ததைச் சொன்னார். அரங்கமே கைதட்டிய ஓட்டம் அது. பிறகு, “1500 மீட்டரில் கடைசிப் பிள்ளை கோட்டைத் தாண்டும்வரை யாரும் தடத்தில் இறங்கக் கூடாது. எல்லாருடைய நேரத்தையும் எழுதுவோம். ஜூலையில் ஓடியதைவிட அதிக நேரம் குறைத்தவருக்கும் கோப்பை உண்டு. நூறு மீட்டருக்கு இது கிடையாது” என்றார்.

நூறு மீட்டரை விட்டது சரியான முடிவு. துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் கடிகாரத்தை அமுக்குவதற்குள் கால் நொடி போய்விடும். அமுக்குகிற கை மாறினால் நேரமும் மாறும். நூறு மீட்டரில் ஒரு பிள்ளை கண்ட முன்னேற்றமே அவ்வளவுதான் இருக்கும். 1500 மீட்டரில் வித்தியாசம் பத்து, இருபது நொடிகளில் வருவதால் இந்தப் பிழை அதில் கரைந்துவிடுகிறது.

200 மீட்டர் தடத்தில் 1500 மீட்டர் என்பது ஏழரைச் சுற்று. முன்னால் போகிறவர் பின்தங்கியவரை ஒரு சுற்று தாண்டிவிடுவார், எண்ணிக்கை குழம்பும். அதனால் ஆளுக்கு ஒரு பிள்ளையின் சுற்றை எண்ணினார்கள். கோட்டருகே ஒருவர் கடிகாரம் பார்த்து நேரத்தை உரக்கச் சொல்ல, இன்னொருவர் மார்பு எண்ணோடு எழுதினார். ஜூலையில் 8 நிமிடம் 10 நொடி எடுத்த ஒன்பதாம் வகுப்பு மாணவி கடைசிக்கு முந்தி வந்தாள். நேரம் 7 நிமிடம் 28 நொடி. 42 நொடி குறைத்திருந்தாள். கோப்பை அவளுக்கே.

அடுத்த ஆண்டு ஜூலையில் வேண்டுமென்றே மெதுவாக ஓடுவார்களே என்று உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டேன். “ஓடி முடிச்சதும் நாடித்துடிப்பு பார்ப்பேன் சார். ஏமாத்தினவனுக்கு மூச்சே வாங்காது” என்றார். வகுப்பில் வழக்கமாக ஓடும் நேரத்தையும் குறித்து வைக்கிறாராம்.

ஆனாலும் எனக்கு ஒரு குறை தெரிகிறது. முதலில் வந்த பையன் ஜூலையிலிருந்து குறைத்தது 5 நொடிதான். புதிதாக ஓடுகிறவர் 40 நொடி குறைப்பதைவிட, நன்றாக ஓடுகிறவர் 5 நொடி குறைப்பது கடினம். அவனுடைய விடிகாலைப் பயிற்சி இந்தக் கணக்கில் ஏறாது. அதனால், முதல் பரிசை எடுத்துவிடாமல் வைத்திருந்ததற்காகவும் அந்தத் தலைமையாசிரியை மேல் எனக்கு மதிப்பு கூடியது.