பெயர் வேற்றெழுத்தில் ஏறும்போது

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். அவர் பெயரையும் அவர் அப்பா தங்கவேலுவின் பெயரையும் இந்திச் செய்திகளில் मरियप्पन थंगावेलु என்று பார்த்திருக்கிறேன். அதை எழுத்துக்கூட்டி வாசித்தால் ‘மரியப்பன்’ என்று முதல் எழுத்தே குறுகிவிடும். ‘தங்க’வில் உள்ள த, மூச்சை ஊதிச் சொல்லும் வேறோர் ஒலியாகிவிடும். கடைசியில் ‘கவேலு’ நீண்டு ‘காவேலு’ ஆகிவிடும். தமிழில் உள்ள மா, த, க ஆகிய மூன்று ஒலிகளுக்கும் இந்தியில் அப்படியே எழுத்து உண்டு. மாரியப்பன் என்பதை मारियप्पन என்றும் தங்கவேலு என்பதை तंगवेलु என்றும் எழுதியிருந்தால் ஒலி இவ்வளவு கெட்டிருக்காது. ஆனால் பெயர் நேராகப் போகவில்லை, ஆங்கிலம் வழியாகப் போனது. Mariyappan என்பதில் முதல் a நெடிலா குறிலா என்று தெரியாது. நாம் தகரத்துக்குப் போடும் th, இந்திக்காரருக்கு வேறு எழுத்து.

எருமப்பட்டியில் எங்கள் தெரு அக்கா ஒருவர் இதே சிக்கலோடு வந்தார். மகனுக்குப் புனேவில் வேலை. பேத்தி அங்கேதான் பிறந்தாள். பெயர் யாழினி. பிறப்புச் சான்றிதழில் மராத்தியிலும் பெயர் வரவேண்டும். “மராத்தியில என்னமோ தப்பா எழுதிட்டாங்களாம் தம்பி, யாஜினின்னு படிக்கறாங்களாம். எப்படி எழுதச் சொல்றது?” என்றார்.

Yazhini என்று ஆங்கிலத்தில் கொடுத்திருக்கிறார்கள். Zh என்பதைப் பார்த்தவர் झ போட்டு याझिनी ஆக்கிவிட்டார். இந்திச் செய்திகளில் கனிமொழி कनिमोझी ஆனதும் இதே வழியில்தான். zh என்றால் ழ என்பது நமக்குள் இருக்கும் ஏற்பாடு. வெளியூர்க்காரர் அதை z, h என்றுதான் பார்ப்பார்.

தேவநாகரியில் ழகரத்துக்கென்றே ऴ என்று ஓர் எழுத்து இருக்கிறது, ளகரத்துக்கு அடியில் ஒரு புள்ளி. தென்மொழி ஒலிகளைக் குறிக்க அமைத்தது. பார்த்ததும் ஆசை வரும். ஆனால் பள்ளியிலோ ஆஸ்பத்திரியிலோ பெயர் கூப்பிடுகிறவர் அதைக் கண்டிருக்கவே மாட்டார். தயங்கி நிற்பார், அல்லது புள்ளியை விட்டுவிடுவார். வாசிப்பவருக்குத் தெரியாத எழுத்தால் பெயருக்குப் பயனில்லை என்பது என் முடிவு. மராத்தியில் ळ அன்றாட எழுத்து. அதை நம் ளகரம் போலவே சொல்வார்கள். ஆகவே याळिनी என்று எழுதித் தரச் சொன்னேன். ‘யாளினி’ என்று வரும். ழ போய்விட்டதே என்று அக்காவுக்கு வருத்தம்தான். ஆனால் நம் ஊரிலேயே பாதிப் பேர் அப்படித்தானே கூப்பிடுகிறோம்? மலையாள நாட்டில் பிறந்திருந்தால் இந்தக் கவலையே இல்லை. அங்கே ழவும் உண்டு, சொல்லும் நாவும் உண்டு.

ஆங்கில எழுத்து வேறு கணக்கு. பாஸ்போர்ட்டில் இயந்திரம் வாசிக்கும் வரிகளில் பெயருக்கு A முதல் Z வரை மட்டும்தான். புள்ளி, கோடு எதுவும் நிற்காது. தமிழ்நாட்டில் Yazhini என்றால் யாரும் சரியாக வாசிப்பார்கள். இலங்கைத் தமிழர் Yarlini என்று எழுதுவார்கள். யாழ்தேவி ரயிலும் அவர்களுக்கு Yarl Devi. அந்த rl எனக்குப் பிடிக்கும். இங்கிலாந்துக்காரர் வாசித்தால் r மறைந்து ‘யாலினி’ ஆகும். அமெரிக்கர் நாக்கை மடித்துச் சொல்லும்போது ழவுக்கு வெகு அருகில் வந்துவிடும். குழந்தை யார் நடுவில் வளரப்போகிறது என்பதைப் பார்த்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவு மெனக்கெடுவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. வெளியூரில் பத்து வருஷம் ஒரே தவறான ஒலியில் கூப்பிடப்பட்டவர்கள், புதியவர்களிடம் தாங்களே அந்த ஒலியில் பெயர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுக்கொடுத்திருப்பார்கள். அது அவர்களாகத் தேர்ந்தெடுத்ததென்றால் சரி. யாரோ ஒருவர் அவசரத்தில் போட்ட எழுத்து அதைத் தீர்மானிக்கக் கூடாது.

சரியாக எழுதியிருக்கிறோமா என்று அறிய வழி இருக்கிறது. அந்த எழுத்தை அன்றாடம் வாசிக்கும், இந்தப் பெயரைக் கேட்டேயிராத ஒருவரிடம் சீட்டைக் கொடுக்க வேண்டும். முன்கூட்டி நாம் சொல்லிக்காட்டக் கூடாது. சொன்னால் அவர் எழுத்தை விட்டுவிட்டு நம் வாயைத்தான் திருப்பிச் சொல்வார். அக்காவின் மகன் பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டினார். முதல் வாசிப்பிலேயே ‘யாளினி’ வந்தது.

பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. பிறகு பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் எல்லாம் அந்த எழுத்தின் பின்னாலேயே போகும். ஆகவே படிவத்தை நீட்டுமுன் அந்த ஊர்க்காரர் ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.