பெட்டி மாற வேண்டியது யார்?

அண்ணன் மகன் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். மாமல்லபுரத்தில் ஒரு தங்கும் விடுதியில் வேலை. சாப்பிட்டு முடித்த பிறகும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தவன், மெதுவாக ஆரம்பித்தான்.

“அத்தை, ஜிம்முக்கு ஒரு பொண்ணு வராங்க. நாலு மாசமாப் பாக்குறேன். அவங்ககிட்ட கேக்கணும். எப்படிக் கேக்குறது?”

என்னிடம் வந்து கேட்டானே என்று சந்தோஷமாக இருந்தது. அதே நேரம் உடனே பதில் சொல்லவும் முடியவில்லை. செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்குப் பத்து வருடத்துக்கு மேல் மின்சார ரயிலில் போய்வந்தவள் நான். அந்த வருடங்களில் இரண்டு பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் இல்லை என்றுதான் சொன்னேன். ஆனால் ஒருவரால் என் ரயில் பயணமே மாறிப்போனது. இன்னொருவரால் எதுவும் மாறவில்லை. அந்த வித்தியாசத்தைத்தான் அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

முதலாவது 2015-இல். ஏழரை மணி வாக்கில் கிளம்பும் வண்டி. செங்கல்பட்டிலேயே ஏறுவதால், கொஞ்சம் முன்னால் போனால் ஜன்னலோரம் கிடைக்கும். வண்டி கிளம்பியதும் கொளவாய் ஏரி தெரியும். அலுவலகத் தோழிகள் மூன்று பேரோடு பொதுப்பெட்டியில் அதே இடத்தில் உட்கார்வது வழக்கம். எதிர்வரிசையில் ஒருவர் தினமும் வருவார். ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. ஒருநாள் இரவு ஃபேஸ்புக்கில் அவரிடமிருந்து செய்தி வந்தது. என் பெயர், நிறுவனத்தின் பெயர் எல்லாம் அதில் இருந்தது. கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையைப் படித்திருக்கிறார். ஆர்வமில்லை என்று பதில் போட்டேன். அடுத்த வாரம் கிண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ வரைக்கும் பின்னாலேயே வந்தார்.

அவர் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. அதனால் யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. வீட்டில் சொன்னால், “அப்ப வேலைக்குப் போக வேணாம்” என்று முடித்துவிடுவார்கள் என்று பயம். பரனூரிலிருந்து தாம்பரம் வரை ஏறுகிறவர்களில் பாதிப் பேர் தெரிந்த முகம். நான் ஒரு ஆணோடு நின்று வாக்குவாதம் செய்தால், நான் வீடு போய்ச் சேருவதற்கு முன் அந்தச் செய்தி போய்விடும். ஆகவே நான்தான் மாறினேன். அரை மணி நேரம் முன்னால் கிளம்பினேன். பெண்கள் பெட்டிக்குப் போனேன். ஜன்னல் போனது, தோழிகள் போனார்கள். அடையாள அட்டையைப் பைக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் அன்று வந்தது, இன்றுவரை விடவில்லை.

அடுத்த வருடம் ஜூன் 24 அன்று காலை, நுங்கம்பாக்கம் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்த ஒரு இளம்பெண் நடைமேடையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். எங்கள் பரனூர் பக்கம் மஹிந்திரா சிட்டிக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தவர். அன்று மாலை பெண்கள் பெட்டியில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. 2022 அக்டோபரில் பரங்கிமலை நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவியை ரயில் முன் தள்ளிக் கொன்றான் ஒருவன். அவரைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தவன்தான் அவன். இந்த வழித்தடத்தில் போகும் பெண்ணிடம் முன்பின் தெரியாத ஆண் ஒருவர் நெருங்கி நின்று, “ஒரு நிமிஷம்” என்றால் அவளுக்கு என்னவெல்லாம் நினைவுக்கு வரும் என்பதை, கேட்க நினைக்கிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அவர் நல்லவர் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் சொன்னதும் பையன் முகம் வாடிவிட்டது. “அப்ப கேக்கவே கூடாதா அத்தை?”

கேட்கலாம். ரயிலிலும் ஜிம்மிலும் அறிமுகமாகி நல்லபடியாக வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் கல்யாண வீட்டில் ஒருவரைப் பார்த்துப் பேசுவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. கல்யாண வீடு அன்றோடு முடிந்துவிடும். ரயிலில் சீசன் டிக்கெட் எடுத்தவளுக்கு நாளைக்கும் அதே வண்டிதான். ஜிம்முக்கு ஆறு மாதப் பணம் கட்டியவளுக்கு நாளைக்கும் அதே கண்ணாடி, அதே ட்ரெட்மில். இல்லை என்று சொன்னால் அவளால் எங்கும் எழுந்து போக முடியாது. அதனால் கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: அவள் மறுத்தால் பெட்டி மாறப் போவது யார்?

இதைத்தான் அவனிடம் கேட்டேன். “அவங்க வேணாம்னு சொல்லிட்டா, நீ காலை நேரத்தை விட்டுட்டு சாயங்காலம் போவியா?”

“சாயங்காலம் எனக்கு ஷிப்ட் இருக்கே அத்தை. மாத்தி வாங்குறது கஷ்டம்.”

“கஷ்டம்தான். அந்தக் கஷ்டம் உனக்கா அவங்களுக்கான்னு முதல்ல முடிவு பண்ணு. உனக்குன்னு ஆனப்புறம் போய்க் கேளு.”

அடுத்து, பேச்சு இருக்கிறதா என்று கேட்டேன். பேசுவோம் என்றான். யார் முதலில் பேசுவார்கள் என்றேன். யோசித்தான். பெரும்பாலும் இவன்தான். புன்னகைக்கு அவள் புன்னகைக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அது மரியாதை, அவ்வளவுதான். தினமும் பார்க்கிற முகத்தோடு முறைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வராது. ஹெட்செட்டை ஒரு காதில் மட்டும் விலக்கிப் பதில் சொன்னால் பேச்சு சீக்கிரம் முடிய வேண்டும் என்று அர்த்தம். இரண்டையும் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவளும் ஒரு கேள்வி கேட்டால் பேச்சு அவளுக்கும் வேண்டியிருக்கிறது. “ஒரு வாரம் நீயா எதுவும் பேசாதே. அவங்களா வந்து பேசுறாங்களா பாரு” என்று அனுப்பினேன். நான்காம் நாள் அவளே வந்து, “என்ன, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாளாம். கேட்பதற்கு இடம் இருக்கிறது என்று அப்போதுதான் சொன்னேன்.

இடத்தை இரண்டு தடவை யோசிக்கச் சொன்னேன். எடை தூக்கிக்கொண்டிருக்கும்போது கேட்கக் கூடாது. வண்டி நிறுத்துமிடத்தில் தனியாக இருக்கும்போது கேட்கக் கூடாது. நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பயிற்சியாளர் சிரித்துக்கொண்டிருக்கக் கேட்பது இன்னும் மோசம். பழைய பாடல்களில் தலைவன் பனை மடலால் செய்த குதிரையில் ஏறி, ஊர் பார்க்கத் தெருவில் வருவான். ஊரை வைத்துப் பெண்ணை நெருக்கும் வழி அது. மடல் ஏறியதைத் தொல்காப்பியம் அன்பின் ஐந்திணையில் சேர்க்கவில்லை, பொருந்தாத பெருந்திணையில்தான் வைத்தது. ஜிம் முழுக்கப் பார்க்கக் கேட்பதும் மடல் ஏறுவதுதான். அவள் கிளம்பும்போது, வாசலில், நாலு பேர் போய்வரும் இடத்தில், ஸ்கூட்டர் சாவி அவள் கையில் இருக்கும்போது கேட்பது நல்லது. பிடிக்காவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு அவள் போய்விடலாம்.

கூப்பிடும் இடமும் அப்படித்தான். இவன் பைக்கில் கோவளம் போகலாம் என்று நினைத்திருந்தான். அவ்வளவு தூரம் அவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போகிறவள், பாதியில் மனம் மாறினால் எப்படித் திரும்புவாள்? செங்கல்பட்டில், “மாமல்லபுரம் போலாமா” என்று ஒரு பெண்ணிடம் கேட்டால், அதற்கு ஊர் எடுக்கும் அர்த்தமே வேறு. கோவளமும் அப்படித்தான். முதல் தடவைக்குப் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு தேநீர்க் கடை போதும். அவளாக வந்து அவளாகத் திரும்பிப் போகிற மாதிரி இருக்க வேண்டும். ஜிம்மின் வாட்ஸ்அப் குழுவில் அவள் எண் இருக்கிறது என்றான். அது ஜிம்முக்குக் கொடுத்த எண், அவனுக்குக் கொடுத்தது இல்லை. தன் எண்ணை அவன் கொடுக்கலாம். அவள் எண்ணை அவளாகத் தர வேண்டும்.

நம் ஊரில் “இல்லை” என்ற சொல் நேராக வருவது குறைவு. “பாக்கலாம்”, “இப்ப வேலை ஜாஸ்தி”, “வீட்ல கேக்கணும்”, ஒரு சிரிப்பு, பதில் வராத செய்தி, எல்லாமே இல்லைதான். கோபப்படுவானோ என்று பயந்துதான் பெண்கள் அப்படிப் பேசுகிறார்கள். சரி என்று நினைக்கிறவள் ஒரு நாளைச் சொல்வாள். அந்த வாரம் முடியாவிட்டால் அடுத்த வாரம் என்று அவளே சொல்வாள். நாள் வராவிட்டால் மறுபடி கேட்கக் கூடாது, ஏன் என்றும் கேட்கக் கூடாது. ஆர்வமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும் குற்றம் என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78-ஆம் பிரிவு. முதல் தடவைக்கு 3 ஆண்டு வரை சிறை, மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை. சட்டம் கணக்கெடுக்கத் தொடங்குவதற்கு வெகுமுன்பே, அந்தப் “பாக்கலாம்” என்ற சொல்லிலேயே நின்றுவிட வேண்டும்.

அவன் கேட்டான். அவள் சிரித்துக்கொண்டே, “பாக்கலாம்” என்றாளாம். பத்து நாள் கழித்து எனக்குப் போன் செய்தான். “நாள் எதுவும் சொல்லல அத்தை. ஷிப்ட் மாத்திக்கிட்டேன்.” குரலில் வருத்தம் இருந்தது. “எத்தனை நாளைக்கு இப்படி ஒதுங்கி இருக்கணும்?” என்று கேட்டான். அப்போதுதான் அந்த இரண்டாவது மனிதரைப் பற்றி அவனிடம் சொன்னேன்.

2018-இல், பயம் கொஞ்சம் தெளிந்து, தோழிகளோடு மறுபடி பொதுப்பெட்டிக்கு வந்திருந்த நேரம். எங்களோடு சேர்ந்து உட்கார்கிறவர் அவர். செய்தித்தாளைப் பங்கு போட்டுக்கொள்வோம், மழை நாளில் எந்த வண்டி தாமதம் என்று சொல்லிக்கொள்வோம். ஒருநாள் மாலை செங்கல்பட்டில் இறங்கியதும், படிக்கட்டுக்குப் பக்கத்தில், விளக்கு வெளிச்சத்தில், கூட்டம் போய்க்கொண்டிருக்கும்போது நிறுத்தினார்.

“ஒரு விஷயம் கேக்கலாமா? வேணாம்னா ஒண்ணுமில்லங்க. ஞாயித்துக்கிழமை ஒரு காபி சாப்பிடலாமா? இப்ப பதில் வேணாம். இது என் நம்பர். சரின்னா கூப்பிடுங்க, இல்லன்னா விட்டுடுங்க. நாளையிலிருந்து நான் முன்பெட்டியில ஏறிக்கிறேன். நீங்க உங்க இடத்துலயே வாங்க.”

மடித்த காகிதத்தைக் கொடுத்துவிட்டு, நான் படியேறும் வரை அங்கேயே நின்றார். நான் கூப்பிடவில்லை. மறுநாள் அவர் முன்பெட்டியில் ஏறினார். எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, எதிர்ப்பட்டால் தலையசைத்தார். ஜன்னல் என்னிடம் இருந்தது, தோழிகள் இருந்தார்கள். மூன்று மாதம் போயிருக்கும். ஒரு மழைக்காலக் காலையில் முன்பெட்டிக் கதவோரம் நனைந்துகொண்டு நின்றவரைப் பார்த்தேன்.

“ஏங்க, இன்னும் அங்கயே நிக்கிறீங்க? இங்க வந்து உக்காருங்க” என்றேன்.

வந்து உட்கார்ந்தார். தாம்பரம் வரைக்கும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு போனோம்.

எத்தனை நாள் என்று அண்ணன் மகனுக்கு என்னால் கணக்குச் சொல்ல முடியவில்லை. “அவங்க கூப்பிடுற வரைக்கும். கூப்பிடலன்னா அப்படியே” என்று மட்டும் சொன்னேன்.