ஈராறு சார்பும் இரண்டு வாக்கியமும்

தங்கவயலில் வாழும் தமிழர்க்கு மணிமேகலை வெறும் பாடநூலன்று. பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் மாரிகுப்பத்தில் கிளை விட்டது. 1914-இல் அவர் மறைந்த பின்னர் அவருடைய நூல்கள் சில இங்கேயே அச்சேறின. சுரங்கத்தில் பகலெல்லாம் உழைத்தவர்கள் இரவில் கூடிப் புத்த தருமத்தைக் கேட்ட ஊர் இது. ஆதலின், அத்தருமத்தைச் சுருக்கிச் சொல்லும்போது நேரும் பிழை ஒன்றைப் பற்றி இங்கு எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

புத்தர் சொன்னது யாது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், 'ஆசையே துன்பத்துக்குக் காரணம்' என்பர். நாமும் அவ்வாறே கற்றோம். இவ்வாசகம் பொய்யன்று. ஆனால் இதை மட்டும் கைக்கொண்டால் என்ன நேரும்? சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த முதியவர் ஒருவர், 'கூலியை உயர்த்தித் தாருங்கள் என்று நாங்கள் கேட்டதும் ஆசைதானா? 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபோது நாங்கள் பட்ட துன்பம் எங்கள் ஆசையால் வந்ததா?' என்று வினவினால், அவ்வாசகத்தில் விடை இல்லை. விடை இல்லாததோடு நில்லாமல், 'ஆசைப்படாதே' என்று அவர் வாயை அடைக்கும் கருவியாகவும் அது மாறிவிடும். அறவண அடிகள் உரைத்த அறம் அதுவோ என்று மூலத்தைப் புரட்டிப் பார்ப்பது நம் கடன்.

மணிமேகலையின் முப்பதாம் காதை, பவத்திறம் அறுகெனப் பாவை நோற்ற காதை. காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பன்னிரு சார்புகளை விரித்துரைக்கும் பகுதி அது. பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் எனப் பன்னிரண்டு. இவற்றுள் ஒவ்வொன்றும் தனக்கு முன்னதைச் சார்ந்து தோன்றுகிறது. வாயில் என்பது புலன்கள். ஊறு என்பது புலனும் பொருளும் கூடுதல். அக்கூட்டத்தால் நுகர்வும், நுகர்வால் வேட்கையும், வேட்கையால் பற்றும் வருகின்றன. பின்னர் அடிகள் அதே வரிசையை மறுதலையாக, பேதைமை மீள எது மீளும், அது மீள வேறெது மீளும் என்று காட்டுகிறார். அதன் பின்னும் கண்டம், சந்தி, முக்காலம் என வகுத்துக்கொண்டே செல்கிறார். படிப்போர் மலைத்து நிற்கும் இடம் இதுவே.

இதை இரண்டு எளிய வாக்கியங்களில் அடக்க வேண்டுமென்றால், முதலில் கேட்க வேண்டியது, 'இப்பகுதி எந்த வினாவுக்கு விடை?' என்பது. 'துன்பத்துக்குக் காரணம் எது?' என்று மட்டும் கொண்டால் ஆசை என்ற ஒரு சொல்லே விடையாகிவிடும், பன்னிரண்டுக்கு வேலையில்லை. ஆனால் அடிகள் எடுத்துக்கொண்ட வினா, 'துன்பம் எவ்வாறு உண்டாகிறது, எவ்வாறு அறும்?' என்பது. 'எவ்வாறு' என்ற சொல்லில்தான் வாதம் முழுதும் இருக்கிறது. நாம் செய்யும் சுருக்கமும் 'எது' என்று சொன்னால் போதாது. 'எவ்வாறு' என்று சொல்ல வேண்டும்.

முதல் முயற்சியாக இவ்வாறு எழுதிப் பார்ப்போம்: 'ஆசையால் பிறப்பும் துன்பமும் வருகின்றன. ஆசையை விட்டால் துன்பம் இல்லை.' வாக்கியம் இரண்டுதான். ஆயினும் குறை பெரிது. ஆசை எங்கிருந்து வந்தது என்பது இதில் இல்லை. வந்த வழி தெரியாதவனிடம் 'விடு' என்று சொன்னால், எப்படி விடுவான்? பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குவான், அவ்வளவே. மூலமோ வேட்கையை எட்டாம் இடத்தில் வைக்கிறது. தலையில் நிற்பது பேதைமை.

அப்பேதைமைக்கு அடிகள் தரும் விளக்கம் நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்கிறது. தாமே கண்டறிந்ததை மறந்துவிட்டு, முயலுக்குக் கொம்பு உண்டு என்று பிறர் சொல்லக் கேட்டதைத் தெளிந்து நம்புவதே பேதைமையாம். காரணம் கேளாமல் ஒரு வாசகத்தை ஒப்புக்கொள்வதும் இவ்வகையில் சேர்ந்ததே. அங்ஙனமாயின், தருமத்தை முழக்கமாக்கி மனப்பாடம் செய்விப்பவர் பேதைமையைப் போக்கவில்லை, வளர்க்கிறார்.

வேட்கைக்கு அவர் தரும் பொருளும் நோக்கத்தக்கது. நுகர்ந்து நுகர்ந்து நிறைவு காணாமையே வேட்கை. பசித்தவன் சோறு கேட்பது அதுவன்று. பசிப்பிணி தீர்க்கும் அமுதசுரபியைத் தலைவியின் கையில் தந்த காப்பியம், பசியை விட்டொழி என்று சொல்லுமா? சுருக்கம் சரியா என்று அறிய இது நல்ல சோதனை: நூலின் மற்றொரு பகுதியோடு முரண்பட்டால் சுருக்கத்தில் பிழை இருக்கிறது. முதியவரின் வினாவுக்கும் இங்கே விடை கிடைக்கிறது. உழைப்புக்கேற்ற கூலியை அவர் கேட்டது வேட்கையன்று.

இனி இரண்டாம் முயற்சி: 'உள்ளதை உள்ளவாறு அறியாமல் செயற்படுவோர்க்கு, புலன்வழி வரும் நுகர்வில் நிறைவு காணாத வேட்கை எழுந்து, பற்றாக இறுகி, பிறப்பையும் மூப்பையும் துயரையும் கொண்டுவருகிறது. இவற்றுள் ஒவ்வொன்றும் முன்னதைச் சார்ந்தே நிற்பதால், அறியாமை நீங்கினால் மற்றவையும் வரிசையாக நீங்கும்.'

இதில் கலைச்சொற்கள் பல உதிர்ந்தன, அதனால் கேடில்லை. மூலத்தில் இரு திசையில் சென்ற வரிசை, இரு வாக்கியங்களாக நிற்கிறது. 'சார்ந்தே நிற்பதால்' என்ற காரணச் சொல் தங்கியிருக்கிறது. அதனை நீக்கினால் இரண்டாம் வாக்கியம் வெறும் வாக்குறுதியாகிவிடும். மறுக்க விரும்புபவர்க்கும் இதில் இடம் உண்டு. 'அறியாமை நீங்கியும் வேட்கை நீங்காதவரை யான் கண்டிருக்கிறேனே' என்று ஒருவர் சொல்லலாம். வாதத்தின் எந்தக் கண்ணியைத் தாம் இழுக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். முழக்கத்தை அவ்வாறு மறுக்க இயலாது. தலையசைக்கலாம், அல்லது முகம் திருப்பலாம்.

இழந்ததையும் மறைக்கலாகாது. செய்கைக்கும் நுகர்வுக்கும் இடையே உள்ள உணர்வு, அருவுரு முதலியவற்றை நாம் விட்டுவிட்டோம். ஒரு பிறவியின் செய்கை மறுபிறவியை எவ்வாறு பற்றுகிறது என்ற கடினமான வினா அங்கேதான் இருக்கிறது. மறுபிறப்பைப் பற்றி வழக்காட விரும்புவோர்க்கு நம் இரு வாக்கியங்கள் போதா. மூலத்துக்கே செல்ல வேண்டும். எதை விட்டோம் என்று சொல்லத் தெரிந்தவரே சுருக்கத் தெரிந்தவர்.

சுருக்கமே தவறு என்பது நம் கருத்தன்று. அதே அறவண அடிகள், கோவலனை இழந்து கலங்கி வந்த மாதவிக்கு நான்கு வாய்மைகளை மிகச் சுருக்கமாகவே சொன்னார் என்று இரண்டாம் காதை கூறுகிறது. அங்கும் பிறந்தோர்க்குத் துன்பம், பிறவார்க்கு இன்பம் என்பதோடு நில்லாமல், முன்னது பற்றினால் வருவது, பின்னது பற்றற்றோர் பெறுவது என்று காரணத்தையும் சேர்த்தே உரைத்தார். துயருற்றவளுக்குச் சொற்களைக் குறைத்தார், காரணத்தைக் குறைக்கவில்லை.

பாறையை நொறுக்கிப் பொன்னை எடுத்த ஊர் நம்முடையது. வாதத்தை அவ்வாறு நொறுக்கி எடுக்க இயலாது. சாஃப்டில் இறங்கியவர்க்கு இது விளங்கும்: அடியில் பொன் இருக்கிறது என்ற செய்தி மட்டும் ஒருவரையும் அங்கே கொண்டு சேர்க்காது, இறங்கும் வழி வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இரண்டு வாக்கியம் சொன்னால், அவற்றில் அந்த வழி இருக்கட்டும்.